நிலவு இல்லாத பூமியில் மல்லாவியின் மாரியும் கோடையும்

ஏப்ரல் மாதம் பிறந்ததும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாளாந்த அறிக்கையில் ஒரு வசனம் வரத் தொடங்கும். சூரியனின் வடதிசை நோக்கிய இயக்கத்தால் இலங்கைக்கு மேலாகச் சூரியன் உச்சம் கொடுக்கிறது என்பதுதான் அது. 5ஆம் திகதியளவில் தெற்குக் கரையில் தொடங்கும் அந்த உச்சம் நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ 14ஆம், 15ஆம் திகதிகளில் யாழ்ப்பாணத்தைக் கடந்துவிடும். மல்லாவி மத்தியகோட்டிலிருந்து வடக்கே 9 பாகைக்குச் சற்று மேலாக இருப்பதால் எங்களுக்கு அது 13ஆம் திகதியை ஒட்டி வருகிறது. அன்று நண்பகலில் முற்றத்தில் ஒரு தடியை நிமிர்த்தி நட்டால் அதன் நிழல் தடியின் அடியிலேயே அடங்கிவிடும். ஓகஸ்ட் கடைசியில் சூரியன் தெற்கே திரும்பும்போது இதே காட்சி மறுபடியும் நடக்கும்.

சூரியன் வடக்கும் தெற்குமாகப் போய்வருவது போலத் தெரிவதற்குக் காரணம், பூமி தன் அச்சில் 23.4 பாகை சாய்ந்து நின்று சூரியனைச் சுற்றுவதாகும். இது பாடசாலைப் புத்தகத்தில் உள்ள செய்தி. ஆனால் அந்தச் சாய்வு ஏன் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஏறக்குறைய அதே அளவில் நிற்கிறது என்பதைப் புத்தகம் சொல்வதில்லை. சுழலும் ஒரு பொருள் சாய்ந்துகொண்டே போகலாம், நிமிர்ந்தும் விடலாம். அப்படி நடக்காமல் இருப்பதில் நிலவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பங்கு என்ன, நிலவு இல்லாதிருந்தால் எங்கள் காலநிலை எப்படி இருந்திருக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி எனக்கு வெறும் வானியல் கேள்வியாக மட்டும் இருந்ததில்லை. 2008இல் மல்லாவியை விட்டுப் போன சனம் பிறகு திரும்பி வந்தபோது வீடு இருக்கவில்லை, வேலி இருக்கவில்லை, பல வயல்களில் வரம்பையே தேட வேண்டியிருந்தது. ஆனால் ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பியது, மழை தன் மாதத்தில் வந்தது, காலபோகத்துக்கு விதைக்க முடிந்தது. எல்லாம் குலைந்த இடத்தில் பருவம் மட்டும் குலையாமல் இருந்தது. அந்தக் குலையாமையின் அடியில் என்ன இருக்கிறது என்று தேடிப் போனால், கடைசியில் நிலவில் போய் முடிகிறது.

பம்பரத்தின் தலையாட்டம்

பூமி சரியான உருண்டை அல்ல. தன்னைத்தானே சுற்றும் வேகத்தால் நடுப்பகுதி சற்றுப் பிதுங்கி இருக்கிறது. மத்தியகோட்டில் அதன் ஆரை 6,378 கிலோமீற்றர். முனைவில் 6,357 கிலோமீற்றர். வித்தியாசம் 21 கிலோமீற்றர்தான். ஆனால் இனி வரும் கதை முழுவதும் இந்தப் பிதுக்கத்தில்தான் தொங்குகிறது.

பூமி சாய்ந்து நிற்பதால் அதன் பிதுக்கமும் சாய்ந்தே நிற்கிறது. சூரியனும் நிலவும் அந்தப் பிதுக்கத்தைப் பிடித்து இழுத்து, பூமியை நிமிர்த்தப் பார்க்கின்றன. நிற்கும் பொருளாக இருந்தால் நிமிர்ந்துவிடும். சுழலும் பொருள் அப்படிச் செய்யாது. சுற்றும் பம்பரம் சாயும்போது புவியீர்ப்பு அதை விழுத்தப் பார்க்கிறது. அது உடனே விழாமல் தலையை மெதுவாக வட்டமாக ஆட்டுகிறது. பூமியும் அதே போலத் தன் அச்சை வானத்தில் மெதுவாக வட்டமாகச் சுற்றுகிறது. ஒரு வட்டம் முடிய ஏறக்குறைய 26,000 ஆண்டுகள் ஆகும்.

இந்தத் தலையாட்டம் எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. இரவும் பகலும் சமமாகும் நாள் மார்ச் 20 அல்லது 21. சித்திரைப் புத்தாண்டோ ஏப்ரல் 14 அளவில் வருகிறது. சூரியன் தென்திசைப் பயணத்தை முடித்து வடக்கே திரும்பும் நாள் டிசம்பர் 21 அல்லது 22. உத்தராயணத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படும் தைப்பொங்கலோ ஜனவரி 14 அல்லது 15இல் வருகிறது. இரண்டிலும் இடைவெளி ஏறத்தாழ 24, 25 நாட்கள். பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டைக் கணக்கிடுகிறது. பருவமோ அச்சின் சாய்வைப் பின்பற்றுகிறது. அச்சு தலையாட்டுவதால் இரண்டும் 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் விலகிப் போகின்றன. இந்த விலகலைத்தான் அயனாம்சம் என்று சோதிடர்கள் கூறுகிறார்கள். இப்போது அது ஏறத்தாழ 24 பாகை. 24ஐ 72ஆல் பெருக்கினால் 1,728. அதாவது சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன.

இந்தத் தலையாட்டத்தை உண்டாக்கும் இழுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நிலவுடையது. மிகுதி ஒரு பங்குதான் சூரியனுடையது. சூரியன் நிலவைவிட 2 கோடி 70 இலட்சம் மடங்கு திணிவுள்ளது. அப்படியிருக்க நிலவு எப்படி முந்துகிறது என்று கேட்கலாம். பிதுக்கத்தை முறுக்கும் விசை, தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. சூரியன் நிலவைவிட ஏறக்குறைய 390 மடங்கு தொலைவில் இருக்கிறது. 390ஐ மூன்று தரம் பெருக்கினால் 5 கோடி 90 இலட்சம் வருகிறது. 2.7 கோடியை 5.9 கோடியால் பிரித்தால் அரைக்கும் குறைவு. எனவே சூரியனின் முறுக்கு நிலவின் முறுக்கில் பாதிகூட இல்லை. கடலின் வற்றுப்பெருக்கில் நிலவு முதலிடம் பிடிப்பதற்கும் இதுதான் காரணம்.

இப்போது நிலவை எடுத்துவிடுவோம். சூரியன் மட்டும் முறுக்கினால் அச்சு ஒரு வட்டம் சுற்ற 26,000 ஆண்டுகளுக்குப் பதிலாக ஏறத்தாழ 81,000 ஆண்டுகள் எடுக்கும். தலையாட்டம் மெதுவாகும், அவ்வளவுதான். இதில் என்ன ஆபத்து என்று தோன்றலாம். ஆபத்து தலையாட்டத்தில் இல்லை. அதே வேகத்தில் ஆடும் வேறொன்று இருப்பதில்தான் இருக்கிறது.

ஊஞ்சலும் அதைத் தள்ளும் கையும்

பூமி சூரியனைச் சுற்றும் தளம் அசையாத தட்டு அல்ல. வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகியவற்றின் ஈர்ப்பால் அந்தத் தளம் ஒன்றிரண்டு பாகை அளவில் மெல்ல மெல்லத் தலையசைக்கிறது. அந்த அசைவு ஒரே தாளத்தில் நடப்பதில்லை. பல தாளங்கள் கலந்திருக்கின்றன. அவற்றுள் பூமிக்கு முக்கியமானவை ஏறத்தாழ 69,000 ஆண்டுகளுக்கும் 73,000 ஆண்டுகளுக்கும் ஒருமுறை வருபவை. இன்னொன்று 49,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. மிக மெதுவானவை ஒன்றரை, இரண்டு இலட்சம் ஆண்டுகளைத் தாண்டும்.

ஊஞ்சலைத் தள்ளத் தெரிந்த எவருக்கும் மீதிக் கதை விளங்கும். ஊஞ்சல் வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் ஒரு குழந்தையின் கையே போதும், ஊஞ்சல் உயரம் உயரமாகப் போகும். தாளம் தவறித் தள்ளினால் ஒரு தள்ளு கூட்டுவதை மறு தள்ளு குறைத்துவிடும்.

நிலவு இருக்கும்போது அச்சு 26,000 ஆண்டில் ஒரு வட்டம் சுற்றுகிறது. தளம் 69,000 ஆண்டில் ஒருமுறை தலையசைக்கிறது. இரண்டும் பொருந்தவே இல்லை. தளத்தின் தள்ளு ஒருபுறம் சற்றுச் சேர்வதற்குள் அச்சு முன்னே ஓடிவிட, அதே தள்ளு எதிர்ப்புறமாகிச் சேர்ந்ததைக் கழித்துவிடுகிறது. இப்படிக் கூடிக் கழிந்து பழைய நிலைக்கு வர எவ்வளவு காலம் ஆகும்? 26,000இல் ஒன்றிலிருந்து 69,000இல் ஒன்றைக் கழித்தால் ஏறத்தாழ 41,000இல் ஒன்று வரும். பூமியின் சாய்வு உண்மையிலேயே 41,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையில் போய்வருகிறது. கடலடி மண்ணில் எழுதப்பட்ட பழைய காலநிலைப் பதிவுகளிலும் இதே 41,000 ஆண்டுத் தாளம் காணப்படுகிறது. காகிதத்தில் போட்ட கணக்கும் மண்ணில் கிடைத்த சான்றும் பொருந்துவதால்தான் இந்த விளக்கத்தை நம்புகிறோம்.

நிலவை எடுத்துவிட்டு அதே கழித்தலைச் செய்து பாருங்கள். அச்சுக்கு 81,000 ஆண்டு, தளத்துக்கு 69,000 ஆண்டு. இரண்டும் அருகருகே. கழித்தால் நாலரை இலட்சம் ஆண்டுகளில் ஒன்று வருகிறது. அதாவது தள்ளு ஒரே திசையில் சேர்ந்துகொண்டிருக்கும் காலம் பத்து மடங்குக்கும் மேல் நீள்கிறது. ஊஞ்சல் உயரத் தொடங்கிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாய்வு கூடக் கூட அச்சின் தலையாட்டம் மேலும் மெதுவாகும். மெதுவானதும் அது 69,000 ஆண்டுத் தாளத்தை விட்டு நழுவும். ஆனால் அதற்கு அப்பால் இன்னும் மெதுவான தாளங்கள் காத்திருக்கின்றன. ஒரு கை விட்ட ஊஞ்சலை இன்னொரு கை பிடித்துக்கொள்ளும். இந்தத் தாளங்களின் பிடிகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடப்பதால் எந்தக் கை எப்போது பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத நிலை உருவாகிறது. இதைத்தான் கணிதத்தில் ஒழுங்கின்மை என்கிறோம்.

ஆக, நிலவு பூமியைக் கையால் பிடித்து நிறுத்தியிருக்கிறது என்று சொல்வது சரியல்ல. அது பூமியின் தலையாட்டத்தை வேகப்படுத்துகிறது. அந்த வேகத்தால் பூமி கோள்களின் தாளத்துக்குள் அகப்படாமல் தப்பி நிற்கிறது.

1993இலும் 2012இலும் செய்த கணக்குகள்

இதைக் கணக்கிட்டுக் காட்டியவர் பிரான்ஸ் நாட்டு வானியலாளர் ழாக் லஸ்கார். 1993இல் அவரும் ஜூட்டெல், ரொபுட்டெல் ஆகிய இருவரும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரையில், நிலவு இல்லாத பூமியின் சாய்வு 0 பாகையிலிருந்து ஏறத்தாழ 85 பாகை வரை எங்கும் அலையக்கூடும் என்று காட்டினார்கள். 85 பாகை என்றால் பூமி கிட்டத்தட்டப் படுத்தபடி சூரியனைச் சுற்றும்.

இது வெறும் கற்பனை அல்ல என்பதற்கு அயல்வீட்டில் ஒரு சாட்சி இருக்கிறது. செவ்வாயின் சாய்வு இன்று 25 பாகை, எங்களுடையதைப் போலவே. ஆனால் அதற்குப் பெரிய நிலவு இல்லை. இருக்கும் இரண்டும் மிகச் சிறிய பாறைகள்தான். செவ்வாயின் சாய்வு 0 முதல் 60 பாகை வரை அலைந்திருக்கக்கூடும் என்று அதே ஆண்டில் கணக்கிடப்பட்டது. பின்னர் விண்கலங்கள் எடுத்த படங்களில், செவ்வாயின் வெப்பப் பகுதியிலுள்ள பெரும் எரிமலைகளின் சரிவுகளில் பழைய பனியாறுகள் விட்டுச்சென்ற தடங்கள் தெரிந்தன. இன்றைய சாய்வில் அங்கே பனியாறு நிற்க வழியில்லை. சாய்வு மிகக் கூடியிருந்த ஒரு காலத்தில் முனைவுப் பனி அங்கு இடம்பெயர்ந்தது என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம்.

1993ஆம் ஆண்டு முடிவை வைத்து, நிலவு இல்லாவிட்டால் உயிரினமே இல்லை என்று பலர் எழுதத் தொடங்கினார்கள். இன்றும் தமிழ்க் காணொளிகளில் இந்த வசனம் அடிக்கடி வருகிறது. அது அளவுக்கு மீறிய பேச்சு. 0 முதல் 85 வரை என்பது அலையக்கூடிய வெளியின் எல்லை. பூமி அந்த வெளி முழுவதையும் அலைந்து தீர்க்கும் என்பது அதன் கருத்தல்ல. ஒரு மாடு அவிழ்த்துவிடப்பட்ட காணி எவ்வளவு பெரிது என்பதும், அந்த மாடு ஒரு நாளில் எவ்வளவு தூரம் மேயும் என்பதும் வெவ்வேறு கேள்விகள்.

இரண்டாவது கேள்விக்கு 2012இல் பதில் வந்தது. நாசாவைச் சேர்ந்த ஜாக் லிசவர், பார்ன்ஸ், சேம்பர்ஸ் ஆகியோர் நிலவில்லாப் பூமியைக் கணினியில் 400 கோடி ஆண்டுகள் வரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். சாய்வு இன்றைய பூமியைவிடக் கூடுதலாக ஆடியது உண்மைதான். ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு அது பெரும்பாலும் 20, 25 பாகை அகலமுள்ள ஒரு பட்டைக்குள்ளேயே நின்றது. கோள்கள் வழமைபோல் இயங்கிய எந்த ஓட்டத்திலும் அது முழு வெளியில் 65 சதவீதத்துக்கு மேல் எட்டவில்லை. எனவே இன்றைய பூமியின் ஊசலாட்டம் 2.4 பாகை, நிலவில்லாப் பூமியின் வழக்கமான ஊசலாட்டம் அதன் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு. 85 பாகை அதன் தூர எல்லை.

இரண்டரைப் பாகை என்ன செய்யும்

பத்து மடங்கு என்றால் என்ன என்பதை உணர, முதலில் இன்றைய 2.4 பாகை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். சாய்வு குறையும்போது முனைவுப் பகுதிகளுக்குக் கோடையில் கிடைக்கும் வெயில் குறைகிறது. மாரியில் விழுந்த பனி கோடையில் முழுவதும் கரையாமல் மிஞ்சுகிறது. ஆண்டுக்கு ஆண்டு அது சேர்ந்து பனிப்படலமாகிறது. பனியுகங்கள் வந்துபோனதற்கு இதுவே தனிக் காரணம் அல்ல. பூமி சூரியனைச் சுற்றும் நீள்வட்டத்தின் வடிவம், தலையாட்டம், வளியில் உள்ள கரியமில வாயு எல்லாம் சேர்ந்தே அது நடக்கிறது. ஆனால் சாய்வின் சிறு ஆட்டம் அதில் ஒரு முக்கிய நெம்பு.

அதன் விளைவு எங்கள் கரையிலேயே நடந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, வடக்கே தரையில் உறைந்து கிடந்த நீரால் உலகின் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை பெரும்பாலான இடங்களில் பத்துப் பதினைந்து மீற்றருக்கு மேல் ஆழமில்லை. அதனால் அன்று அங்கே கடல் இருக்கவில்லை. மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் காலால் நடந்து போகக்கூடிய தரை இருந்தது. பனி கரைந்து கடல் ஏறிய பிறகுதான் இலங்கை மறுபடியும் தீவாகியது. நிலவு காவல் நின்று, சாய்வு இரண்டரைப் பாகைக்குள் அடங்கியிருந்த பூமியில் நடந்த மாற்றம் இது.

மல்லாவியில் மூன்று காட்சிகள்

இனி சாய்வை மட்டும் மாற்றி, மல்லாவியில் நின்று வானத்தைப் பார்ப்போம். சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும், பகல் எவ்வளவு நீளும், எவ்வளவு வெயில் விழும் என்பவை வெறும் கேத்திர கணிதம். அவற்றை உறுதியாகச் சொல்லலாம். மழையும் காற்றும் அப்படியல்ல. அவற்றை ஊகிக்கத்தான் முடியும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

முதலில் இன்றைய நிலை. டிசம்பர் 21ஆம் திகதி நண்பகலில் மல்லாவியில் சூரியன் தெற்கே சாய்ந்து தரையிலிருந்து 57 பாகை உயரத்தில் நிற்கும். பகல் பதினொன்றரை மணி நேரம். அன்று விழும் வெயில், சமஇராப்பகல் நாளில் விழுவதில் ஏறத்தாழ 82 சதவீதம். மார்கழியிலும் நெல் வளர்வதற்கு இதுதான் காரணம்.

முதல் காட்சி, சாய்வு 0 பாகை. ஆண்டு முழுவதும் சூரியன் நண்பகலில் 81 பாகை உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கும். பகலும் இரவும் என்றும் 12 மணி நேரம். வெயில் குறையாது, கூடாது. ஆனால் எங்கள் மழை சூரியன் இடம்மாறுவதால் வருகிறது. சூரியன் வடக்கே போகும்போது ஆசியப் பெருநிலம் சூடேறிக் கடற்காற்றை உள்ளே இழுக்கிறது. அப்போது எங்களுக்குக் கச்சான் வீசுகிறது. சூரியன் தெற்கே போனதும் பெருநிலம் குளிர்ந்து, காற்று திசைமாறி வங்காள விரிகுடா வழியாக வாடையாக வருகிறது. அந்த வாடைதான் வவுனிக்குளத்தை நிரப்புகிறது. சாய்வு இல்லையென்றால் இந்தத் திசைமாற்றத்துக்குக் காரணமே இல்லை. மழை முற்றாக நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். மத்தியகோட்டை ஒட்டிய மழைப்பட்டை ஒரே இடத்தில் நிலைத்திருக்கும். அதற்குள் அகப்பட்ட ஊருக்கு என்றும் மழை. அகப்படாத ஊருக்கு என்றும் வறட்சி. குளம் கட்டி, வான் பாயும்வரை நிரப்பி, சிறுபோகத்துக்குப் பங்கிடும் வாழ்க்கை உருவாகியிருக்காது. முனைவுகளுக்குக் கோடையே இல்லாததால் அங்கே பனி கரையாமல் சேர்ந்துகொண்டே போயிருக்கும்.

இரண்டாம் காட்சி, சாய்வு 45 பாகை. நிலவில்லாப் பூமி எட்டக்கூடிய அளவு இது. டிசம்பரில் மல்லாவியின் நண்பகல் சூரியன் 36 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். இன்று பஞ்சாபின் சண்டிகாரில் டிசம்பரில் தெரியும் உயரம் அது. பகல் பத்தே முக்கால் மணி நேரமாகும். விழும் வெயில் இன்றைய டிசம்பர் வெயிலில் மூன்றில் இரண்டு பங்காகும். சுற்றிலும் கடல் இருப்பதால் குளிர் வடஇந்தியா அளவுக்கு ஏறாமல் இருக்கலாம். ஆனாலும் காலபோக நெல் இன்று வளரும் மாதங்களில் வளர்ந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மூன்றாம் காட்சி, சாய்வு 60 பாகை. இங்கே விசித்திரம் தொடங்குகிறது. டிசம்பர் நண்பகலில் சூரியன் 21 பாகை உயரத்தில்தான் நிற்கும். இத்தாலியின் மிலான் நகரில் வாழும் எங்கள் உறவுகள் டிசம்பரில் பார்க்கும் சூரியன் அது. வெயில் இன்றைய டிசம்பர் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடும். ஜூனில் சூரியன் வடக்கே அவ்வளவு தூரம் ஓடிவிடுவதால் அப்போதும் அது 39 பாகை உயரத்தில்தான் தெரியும். அந்த ஜூன் மாத வெயில்கூட இன்றைய டிசம்பர் வெயிலைவிடக் குறைவு. இடையில் மார்ச், செப்டெம்பர் மாதங்களில் சூரியன் தலைக்கு மேலாக வேகமாகக் கடந்து போகும்போது கடும் வெயில் அடிக்கும். அதாவது ஆண்டில் இரண்டு மாரி, இரண்டு கோடை.

சாய்வு ஏறத்தாழ 54 பாகையைத் தாண்டினால் உலகமே தலைகீழாகும். ஆண்டுக் கணக்கில் பார்க்கும்போது முனைவுகளுக்கு மத்தியகோட்டைவிடக் கூடுதல் வெயில் கிடைக்கும். பனி முனைவில் தங்காமல் மத்தியகோட்டுப் பகுதிகளில் பட்டையாகப் படியக்கூடிய நிலை அது. கனடாவும் நோர்வேயும் உள்ள இடங்களில் கோடையில் மாதக்கணக்கில் மறையாத சூரியன் உயரத்தில் நின்று காயும். மாரியில் மாதக்கணக்கில் இருள் மூடும்.

தூர எல்லையான 85 பாகையில், இன்று ஆர்க்டிக் வட்டம் என்று சொல்லும் கோடு 5ஆம் பாகைக்கு இறங்கிவிடும். மல்லாவி அந்த வட்டத்துக்குள் அகப்படும். டிசம்பரில் ஏறத்தாழ இரண்டு கிழமைக்கு இங்கே சூரியன் உதிக்காது. ஜூனில் அதே அளவு காலத்துக்கு மறையாது.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த மாற்றங்கள் ஒருவரின் ஆயுளுக்குள் நடப்பவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பல்லாயிரம், பல இலட்சம் ஆண்டுகள் தேவை. காட்டு மரங்களும் விலங்குகளும் மெல்ல இடம்பெயர அவகாசம் இருந்திருக்கும். கடலுக்குள் இருக்கும் உயிர்களுக்குப் பெரிய இடைஞ்சலே இருந்திருக்காது. எனவே நிலவில்லாப் பூமி வெறும் பாலைவனமாக இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் மனித நாகரிகத்துக்குத் தேவைப்பட்ட பருவங்களின் ஒழுங்கு வேறொன்றாக இருந்திருக்கும்.

வேகமாகச் சுற்றும் பூமிக்கு நிலவு தேவையில்லை

இதுவரை செய்த கணக்கில் ஒரு விடயத்தை மாற்றாமல் வைத்திருந்தோம். நிலவை எடுத்த பிறகும் நாள் 24 மணி நேரமாகவே இருக்கும் என்று கொண்டோம். ஆனால் நாளை 24 மணி நேரமாக்கியதும் பெரும்பாலும் நிலவுதான். கடலில் நிலவு எழுப்பும் வற்றுப்பெருக்கு பூமியின் சுழற்சிக்கு ஒரு தடைக்கட்டை போல வேலை செய்கிறது. 1963இல் ஜோன் வெல்ஸ் என்பவர் ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகள் பழமையான முருகைக்கல் படிமங்களில் நாளுக்கு ஒன்றாக வளர்ந்த நுண்ணிய வரிகளை எண்ணினார். ஓராண்டுக்கு 400 அளவில் வரிகள் இருந்தன. அன்று ஆண்டுக்கு 400 நாட்கள் என்றால் ஒரு நாள் 22 மணி நேரம்தான்.

நிலவே இல்லாமல் பூமி தொடக்கம் முதல் தனியாகச் சுற்றியிருந்தால், சூரியனின் சிறிய வற்றுப்பெருக்கு மட்டும் அதைத் தடுத்திருக்கும். நாள் இன்னும் குறுகியதாகவே இருந்திருக்கும். உதாரணத்துக்கு நாள் 8 மணி நேரம் என்று வைப்போம். சுழற்சி மூன்று மடங்கு வேகம். நடுப்பிதுக்கம் வேகத்தின் இருமடியாக, அதாவது ஒன்பது மடங்காகக் கூடும். பிதுக்கம் பெரிதானால் சூரியனின் பிடியும் ஒன்பது மடங்கு. ஆனால் வேகமாகச் சுற்றும் பம்பரத்தைத் திருப்புவது மூன்று மடங்கு கடினம். ஒன்பதை மூன்றால் பிரித்தால் மூன்று. ஆக, தலையாட்டம் மூன்று மடங்கு வேகமாகும். 81,000 ஆண்டு 27,000 ஆண்டாகிவிடும். நிலவுடன் கூடிய இன்றைய பூமியின் 26,000 ஆண்டுக்கு இது கிட்டத்தட்டச் சமம். அதாவது வேகமாகச் சுற்றும் பூமி, நிலவின் உதவி இல்லாமலே கோள்களின் தாளத்திலிருந்து தப்பிவிடும். 2012ஆம் ஆண்டுக் கணக்கிலும் 12 மணி நேரத்துக்கும் குறைந்த நாளுடைய பூமிகளின் சாய்வு மிகக் குறைவாகவே அலைந்தது.

எனவே நிலவு செய்த வேலையை இப்படிச் சொல்வதுதான் நேர்மையானது. அது பூமியின் சுழற்சியை மெதுவாக்கி, ஆட்டத்துக்கு ஆளாகக்கூடிய ஒரு நிலைக்குக் கொண்டுவந்தது. பிறகு தன் ஈர்ப்பாலேயே அந்த ஆட்டத்தைத் தடுத்து நிற்கிறது.

அந்தக் காவலுக்கும் ஒரு முடிவு உண்டு. 1969இல் அப்பலோ 11 குழுவினர் நிலவில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைத் தெறிக்கவைத்து அளந்ததில், நிலவு ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர் வீதம் விலகிப் போவது தெரியவந்தது. விலக விலக அதன் முறுக்கு குறையும், அச்சின் தலையாட்டமும் மெதுவாகும். இன்னும் 150 கோடி, 200 கோடி ஆண்டுகளில் பூமி கோள்களின் தாளத்துக்குள் அகப்படும் என்று கணக்குகள் சொல்கின்றன. ஆனால் சூரியனின் ஒளி மெல்லக் கூடிக்கொண்டு போவதால், 100 கோடி ஆண்டளவில் கடல்களே வற்றத் தொடங்கும் என்பது வேறொரு கணக்கு. நிலவின் காவல் முடியுமுன்பே காக்கப்பட்ட பருவங்கள் முடிந்துவிடும்.

பருவங்கள் அதற்கு முன்னரே குழம்பினால் அதற்கு நிலவு பொறுப்பாகாது. இன்று மழை பிந்துவதையும், ஒரே நாளில் கொட்டித் தீர்த்துக் குளக்கட்டுகளை உடைப்பதையும் வன்னி விவசாயிகள் பார்க்கிறார்கள். அந்த மாற்றம் சில பத்து ஆண்டுகளுக்குள் நடக்கிறது. சாய்வு நூறு ஆண்டில் ஒரு பாகையின் நூறில் இரண்டு பங்குகூட மாறுவதில்லை. அதனால் இப்போது நடப்பதற்கான காரணத்தை வானத்தில் தேடிப் பயனில்லை.